பான்கேக்கைத் திருப்பும் நேரம்: குமிழியையும் பாருங்கள், அடிப்பக்கத்தையும் பாருங்கள்

கேள்வி: "குமிழி வந்ததும் திருப்பு என்றுதான் எல்லா இடத்திலும் போட்டிருக்கிறது. அப்படியேதான் செய்கிறேன். முதல் இரண்டும் வெளுத்துப் போகின்றன. அடுத்ததைத் திருப்பினால் உள்ளேயிருந்து பச்சை மாவு வழிகிறது. அதற்கடுத்தது கருகுகிறது. ஒரே மாவு, ஒரே கல். பன்னிரண்டாவது வேகும்போது முதலில் போட்டவை ஆறி ரப்பர் மாதிரி ஆகிவிடுகின்றன. குமிழியில் எதைத்தான் பார்க்க வேண்டும்?"

உங்கள் மாவை நான் சந்தேகப்படவில்லை. ஒரே கிண்ணத்து மாவிலிருந்து வெளுத்ததும் வருகிறது, கருகியதும் வருகிறது என்றால் நடுவில் மாறிக்கொண்டிருப்பது முக்கியமாகக் கல்லின் சூடுதான். குமிழி பொய் சொல்வதில்லை. ஆனால் அது மேல்பக்கத்தைப் பற்றி மட்டும்தான் பேசும். அடியில் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது.

ஒரு தங்கும் விடுதியின் காலை உணவுச் சமையலறையில் சில வருடங்கள் பான்கேக் கல்லுக்கு முன்னால் நின்றிருக்கிறேன். சேர்ந்த புதிதில் எனக்கும் உங்கள் கதைதான். குமிழியைப் பார்த்துத் திருப்புவேன், ஒன்று வெளுத்திருக்கும், ஒன்று கறுத்திருக்கும். பக்கத்தில் நின்ற மூத்த சமையல்காரர் ஒரு நாள் என் கையிலிருந்து சட்டுவத்தை வாங்கினார். குமிழி உடைந்துகொண்டிருந்த ஒரு பான்கேக்கின் ஓரத்தை விரல் அகலத்துக்குத் தூக்கிப் பார்த்தார். பிறகு அதைத் திருப்பாமல் அப்படியே விட்டுவிட்டு, அடுப்பின் குமிழைக் கொஞ்சம் குறைத்தார். அவ்வளவுதான், ஒன்றும் சொல்லவில்லை. குமிழி நேரத்தைக் காட்டுகிறது, அடிப்பக்க நிறம் சூட்டைக் காட்டுகிறது, இரண்டும் ஒரே சமயத்தில் சரியாக வந்து சேரும்படி தீயை வைப்பதுதான் வேலை என்று எனக்குப் புரிய இன்னும் சில நாள் ஆனது.

முதலில் குமிழி. மாவில் இருக்கும் பேக்கிங் பவுடர் ஈரம் பட்டதும் கொஞ்சம், சூடு பட்டதும் இன்னும் கொஞ்சம் என்று கரியமில வாயுவை விடுகிறது. கூடவே மாவிலுள்ள தண்ணீர் ஆவியாகிறது. இரண்டும் சேர்ந்து அடியிலிருந்து மேலே ஏறி வருகின்றன. மேல்பரப்புக்கு வந்ததும் குமிழி உப்பி உடைகிறது. நீங்கள் பார்க்க வேண்டியது அது உடைந்ததற்கு அப்புறம் நடப்பதைத்தான். மாவை ஊற்றி ஒரு நிமிடம் ஆவதற்குள் வரும் குமிழி உடைந்தால், சுற்றியிருக்கும் மாவு இன்னும் தண்ணியாக இருப்பதால் வழிந்து வந்து அந்த ஓட்டையை மூடிவிடும். இடம் தெரியாமல் போய்விடும். அந்த நேரத்தில் திருப்பினால் உள்ளே பச்சை மாவு வழியத்தான் செய்யும். "குமிழி வந்ததும்" என்ற சொல்லை நம்பி நீங்கள் திருப்பியது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் என்று நினைக்கிறேன்.

இன்னும் கொஞ்சம் பொறுத்தால் வேறு மாதிரிக் குமிழி வரும். அது உடையும், ஆனால் ஓட்டை மூடாது. ஊசியால் குத்திய மாதிரி வட்டமாக அப்படியே நிற்கும். மைதாவின் மாவுச்சத்து தண்ணீரை இழுத்துக்கொண்டு கெட்டிப்பட்டு, முட்டையும் இறுகத் தொடங்கியதால்தான் மாவால் வழிந்து வர முடியவில்லை. அதாவது அடியிலிருந்து ஏறிய சூடு மேல்பரப்பு வரைக்கும் வந்துவிட்டது. இப்படி மூடாத ஓட்டைகள் முதலில் ஓரத்தில் தெரியும், பிறகு நடுவை நோக்கி நகரும். ஓரமும் கூடவே மாறும். பளபளவென்று ஈரமாக இருந்த விளிம்பு மங்கிப்போய், ஒரு விரல் அகலத்துக்குக் காய்ந்த தோற்றம் வரும். ஓரம் மங்கி, முக்கால்வாசிப் பரப்பில் ஓட்டைகள் நின்று, நடுவில் மட்டும் லேசான ஈரப் பளபளப்பு மிச்சமிருக்கும்போது திருப்புங்கள்.

நடுவும் முழுக்கக் காயட்டும் என்று காத்திருப்பவர்களும் உண்டு. அது பாதுகாப்பாகத் தோன்றும், ஆனால் நஷ்டம் இரண்டு விதத்தில் வரும். அத்தனை ஓட்டை வழியாகவும் வாயு போய்விட்டதால் திருப்பிய பிறகு பான்கேக் எழும்பாது. மேல்பக்கம் காய்ந்துபோனதால் அது கல்லோடு ஒட்டி உட்காராமல் மேடு மேடாக நிற்கும், நிறமும் சரியாகப் பிடிக்காது. நடுவில் இருக்கும் அந்தக் கொஞ்ச ஈரம்தான் திருப்பிய முதல் சில நொடிகளில் பான்கேக்கை மேலே தூக்கிக் கொடுக்கிறது. திருப்பியதும் அது மூச்சு இழுத்த மாதிரி எழும்பினால் உங்கள் நேரம் சரி.

குமிழியை நம்ப முடியாத மாவுகளும் இருக்கின்றன. மோரோ தயிரோ சேர்த்த கெட்டியான மாவில் வாயு மேலே ஏறச் சிரமப்படும். ஐந்தாறு ஓட்டைதான் தெரியும், ஆனால் உள்ளே வெந்திருக்கும். அங்கே ஓட்டையை எண்ணிக்கொண்டு நின்றால் அடி கருகிவிடும். விளிம்பு மங்குவதையும், சட்டுவத்தை அடியில் நுழைக்கும்போது பான்கேக் மொத்தமாக ஒரே துண்டாக நகர்கிறதா என்பதையும்தான் பார்க்க வேண்டும். பேக்கிங் பவுடர் பழசாகிப் போயிருந்தாலும் குமிழி குறைவாக வரும். ஒரு கரண்டி பவுடரில் வெந்நீர் ஊற்றிப் பாருங்கள், உடனே நுரைத்துப் பொங்காவிட்டால் டப்பாவை மாற்றிவிடுங்கள்.

இனி அடிப்பக்கம். மூடாத ஓட்டைகள் வந்துவிட்டன என்று தோன்றும் நேரத்தில் ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். சீரான பொன் பழுப்பு இருந்தால் சூடு சரி, திருப்புங்கள். ஓட்டைகள் எல்லாம் வந்தும் அடி வெளிறிய மஞ்சளாக இருந்தால் கல் போதுமான சூடாக இல்லை. மாவு மெதுவாக வெந்து, மேலே வரைக்கும் இறுகிவிட்டது, ஆனால் அடியில் நிறம் பிடிக்கும் அளவுக்குச் சூடு இல்லை. இதற்கு நேர் எதிரானது, மேலே குமிழி உடைந்து மூடிக்கொண்டிருக்கும்போதே அடி கரும்பழுப்பாகிவிடுவது. அப்படியானால் கல் அதிகச் சூடு. பச்சை மாவு வழிந்த பான்கேக்கை நினைத்துப் பாருங்கள். அதன் அடி நல்ல நிறமாக இருந்திருந்தால் நேரக் குறைவு மட்டுமே குற்றமில்லை, சூடும் அதிகம். வெளுத்தும் வழிந்தும் இருந்திருந்தால் வெறும் அவசரம்தான்.

இதற்குக் காரணம் எளிமையானது. பான்கேக்கின் உட்பகுதியில் தண்ணீர் இருக்கும் வரை அது 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. கல் எவ்வளவு கொதித்தாலும் உள்ளே வேகும் வேகம் ஓரளவுக்கு மேல் கூடாது. ஆனால் கல்லைத் தொட்டுக்கொண்டிருக்கும் அடித்தோல் காய்ந்துவிட்டால் அதன் சூடு ஏறிக்கொண்டே போகும். 140 டிகிரியைத் தாண்டும்போது பழுப்பு நிறம் வேகமாகப் பிடிக்கத் தொடங்கும். தீயைக் கூட்டினால் நிறம் சீக்கிரம் வருமே தவிர, நடு அதே அளவுக்குச் சீக்கிரம் வேகாது. நிறமும் வேக்காடும் ஒன்றாக வந்து சேரும் சூடு, சாதாரண கனமுள்ள பான்கேக்குக்கு, கல்லின் மேல்பரப்பில் ஏறத்தாழ 175 முதல் 190 டிகிரி செல்சியஸ். அந்தச் சூட்டில் முதல் பக்கம் இரண்டிலிருந்து மூன்று நிமிடம், இரண்டாம் பக்கம் ஒன்று அல்லது ஒன்றரை நிமிடம் எடுக்கும். சர்க்கரை தாராளமாகப் போட்ட மாவு என்றால் இந்த வரம்பின் கீழ்ப்பக்கமே போதும், இல்லாவிட்டால் நிறம் முந்திக்கொள்ளும்.

உங்களிடம் எந்த வகைக் கல் இருக்கிறது என்று சொல்லவில்லை. அது முக்கியம். கனமான வார்ப்பிரும்புக் கல் சூட்டை நிறையத் தேக்கி வைக்கும், ஆனால் பக்கவாட்டில் மெதுவாகத்தான் பரப்பும். பெரிய தீயில் ஐந்து நிமிடம் வைத்தால் பர்னருக்கு நேர் மேலே கொதிக்கும், ஓரம் வெதுவெதுப்பாக இருக்கும். சிறு தீக்கும் நடுத் தீக்கும் இடையில் வைத்துப் பத்து நிமிடமாவது விட வேண்டும். முதலில் வெளுத்துப் பிறகு கருகுகிறது என்ற உங்கள் வரிசை எனக்கு வார்ப்பிரும்பையே நினைவூட்டுகிறது. கல் முழுக்கச் சூடாகும் முன்பே மாவை ஊற்றுகிறோம், வெளுக்கிறது. பயந்து தீயைக் கூட்டுகிறோம். கல் உடனே பதில் சொல்லாது, மூன்று நான்கு நிமிடம் கழித்துத்தான் சொல்லும், அதற்குள் நாம் இன்னும் கூட்டியிருப்போம். அடுத்த சுற்றில் எல்லாம் சேர்ந்து வந்து கருக்கிவிடும். கனமான கல்லில் தீயைத் தொட்டால் அதன் பலன் அடுத்த சுற்றில்தான் தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முறை திருகிவிட்டு ஒரு சுற்று முடியும் வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பது கஷ்டம்தான், ஆனால் வேறு வழியில்லை.

அலுமினியக் கல் என்றால் சூடு சீக்கிரம் பரவும், தீயைக் குறைத்தால் சீக்கிரம் கேட்கும். ஆனால் அது மெல்லியதாக இருந்தால் மாவு விழுந்ததும் சூடு சட்டென்று இறங்கிவிடும். மின்சாரக் கல்லில் தெர்மோஸ்டாட் விளக்கு அணைந்ததுமே சூடாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். விளக்கு ஒரு முறை அணைந்து, மறுபடி எரிந்து, மறுபடி அணையட்டும். முதல் தடவை சூடு குறித்த அளவைத் தாண்டிப் போயிருக்கலாம், ஓரங்களும் பின்தங்கியிருக்கும். சூட்டுச் சுருள் போகும் தடத்தில் நிறம் கூடுதலாக விழுவதும் அந்தக் கல்லில் சாதாரணம். இரண்டு பர்னர் மேல் நீளவாக்கில் வைக்கும் கல்லில் நடுப்பகுதி எப்போதும் கொஞ்சம் பின்னால்தான் இருக்கும். உங்கள் கல்லின் முகத்தைத் தெரிந்துகொள்ள, ஒரு நாள் ஒரே அளவு மாவைக் கல்லின் நான்கு இடத்தில் ஒரே நேரத்தில் ஊற்றி, ஒரே நேரத்தில் திருப்பிப் பாருங்கள். நான்கு நிறமும் சொல்லிவிடும்.

சூட்டைச் சோதிக்கத் தண்ணீர்த் துளி போதும், ஆனால் துளி செய்வதைச் சரியாகப் படிக்க வேண்டும். ஈர விரலை உதறினால் விழும் அளவுக்குச் சின்னத் துளியாக இருக்கட்டும். துளி விழுந்த இடத்திலேயே படர்ந்து, மெல்ல நுரைத்து, பொறுமையாக ஆவியானால் கல் இன்னும் தயாராகவில்லை. துளி விழுந்ததும் சிதறி, சின்னச் சின்ன உருண்டைகளாகத் துள்ளி, இரண்டு மூன்று நொடியில் சீறிக்கொண்டு காணாமல் போனால் மாவை ஊற்றலாம். துளி உடையாமல் பாதரசம் மாதிரி முழு உருண்டையாக, சத்தமே இல்லாமல், கல் முழுக்க வழுக்கிக்கொண்டே ஓடினால் சூடு அதிகம். அடியில் உண்டான நீராவியின் மேல் துளி மிதக்கிறது, கல்லைத் தொடவே இல்லை, அதனால்தான் சாவகாசமாக ஓடுகிறது. 1756ல் லைடன்ஃப்ராஸ்ட் என்ற ஜெர்மானிய மருத்துவர் இதை எழுதி வைத்தார், அவர் பெயரிலேயே இன்றும் அழைக்கிறார்கள். இந்த மிதப்பு எந்தச் சூட்டில் தொடங்கும் என்பது பரப்பின் வழவழப்பையும் துளியின் அளவையும் பொறுத்து மாறும். அதனால் துளி உங்களுக்கு டிகிரிக் கணக்கு தராது, குறைவு, சரி, அதிகம் என்ற மூன்றில் ஒன்றைத்தான் தரும். சமையலுக்கு அது போதும். ஒன்று மட்டும், எண்ணெய் தடவிய பிறகு இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம், தெறிக்கும்.

துப்பாக்கி மாதிரிப் பிடித்துப் பார்க்கும் அகச்சிவப்பு வெப்பமானி வைத்திருந்தால் நல்லதுதான். வார்ப்பிரும்பு, கறுப்பு நான்ஸ்டிக் இரண்டிலும் அதன் அளவு நம்பகமாக இருக்கும். பளபளக்கும் எவர்சில்வரிலும் பூச்சில்லாத அலுமினியத்திலும் அது உண்மையைவிடக் குறைத்துக் காட்டும், ஏனென்றால் அந்தப் பரப்பு தன் வெப்பக் கதிரைக் குறைவாக விட்டு, சுற்றிலும் இருப்பதைப் பிரதிபலிக்கிறது. 130 என்று காட்டுகிறதே என்று தீயைக் கூட்டிக் கூட்டிக் கல்லைப் புகைய விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முதல் இரண்டும் வீணாவதற்குச் சூடு பாதிக் காரணம், எண்ணெய் மீதி. (பாதி என்பது என் கணக்கு, அளந்து சொன்னதல்ல.) எண்ணெய் குட்டையாகத் தேங்கியிருக்கும் கல்லில் மாவை ஊற்றினால், எண்ணெய் இருக்கும் இடத்தில் மாவு கல்லைத் தொடாமல் பொரிகிறது, இல்லாத இடத்தில் ஒட்டி வேகிறது. அதனால்தான் முதல் பான்கேக்கில் வெளுப்பும் பழுப்புமாகப் புலித்தோல் போல் திட்டுத் திட்டாக வரும், ஓரம் மொறுமொறுவென்று இருக்கும். இரண்டாவதற்குள் உபரி எண்ணெயை முதலாவது குடித்துவிடுவதால் நிலைமை தானாகச் சரியாகிறது. அந்தத் தியாகத்தை டிஷ்யூ பேப்பரே செய்யட்டும். அரைத் தேக்கரண்டி எண்ணெய் விட்டுத் தேய்த்து, பிறகு காய்ந்த பேப்பரால் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் துடைத்தெடுங்கள். கல் மங்கலாக மினுங்க வேண்டும், எண்ணெய் கண்ணுக்குத் தெரியக் கூடாது. சீரான ஒரே பழுப்பு அப்போதுதான் வரும். சிலருக்கு அந்த மொறுமொறு ஓரம்தான் பிடிக்கும், அவர்கள் துடைக்க வேண்டாம்.

வெண்ணெய் தடவுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வெண்ணெயில் இருக்கும் பால் திடப்பொருள் பான்கேக் வேகும் சூட்டில் சீக்கிரமே கறுத்துவிடும். முதல் சுற்றில் மணமாக இருப்பது மூன்றாம் சுற்றில் கரும்புள்ளியாக ஒட்டும். வெண்ணெயை மாவுக்குள் உருக்கி ஊற்றுங்கள், கல்லுக்கு வாசனையில்லாத எண்ணெயோ நெய்யோ போதும்.

இதை ஒரு முழு வேளைக்கு ஓட்டிப் பார்க்கலாம். 250 கிராம் மைதா, நாலு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. வேறு கிண்ணத்தில் 400 மில்லி பால், இரண்டு முட்டை, 60 கிராம் உருக்கிய வெண்ணெய். பால் ஃப்ரிட்ஜ் குளிராக இருந்தால் வெண்ணெய் உறைந்து திரியும், அறைச் சூட்டுக்கு வரட்டும். ஈரத்தைக் காய்ந்ததில் ஊற்றிக் கிளறி, உலர்ந்த மாவு கண்ணில் படாமல் போனதும் நிறுத்திவிடுங்கள். பட்டாணி அளவுக் கட்டிகள் இருக்கலாம், வேகும்போது கரையும். கட்டி போகும் வரை அடித்தால் பான்கேக் இழுவையாகிவிடும், நீங்கள் சொன்ன ரப்பருக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். கிண்ணத்தைப் பத்து நிமிடம் ஓரமாக வையுங்கள். கல்லை அடுப்பில் ஏற்றுவதும் இப்போதுதான். ஓவன் இருந்தால் அதையும் 95 டிகிரியில் போட்டுவிடுங்கள்.

பத்து நிமிடத்தில் துளி துள்ளுகிறது. எண்ணெய் தடவித் துடைத்தாயிற்று. இப்போது நான்கு அல்ல, ஒரே ஒரு பான்கேக்கை மட்டும் ஊற்றுங்கள், கால் கப், அதாவது 60 மில்லி. அது உங்கள் வெப்பமானி. ஏறத்தாழ உள்ளங்கை அகலத்துக்குப் பரவும். ஒரு நிமிடத்தில் ஓரத்தில் குமிழி வருகிறது, உடைகிறது, மூடிக்கொள்கிறது. ஒன்றே முக்கால் நிமிடத்தில் விளிம்பு மங்கத் தொடங்குகிறது, அங்கே ஒரு சில ஓட்டைகள் நிற்கின்றன. ஓரத்தைத் தூக்கினால் அடி ஏற்கனவே கரும்பழுப்பு என்று வையுங்கள். அப்போது தீயைக் கொஞ்சம் குறைத்து, பான்கேக்கைத் திருப்பி முடித்து எடுத்து, கல்லை இரண்டு மூன்று நிமிடம் வெறுமனே விட வேண்டும். பிறகு நான்கு ஊற்றலாம். இந்த முறை இரண்டரை நிமிடத்தில் ஓட்டைகள் நடு வரை வந்து நிற்கும்போது அடி பொன் பழுப்பாக இருந்தால், அன்றைக்கு அடுப்பின் குமிழை மறுபடி தொட வேண்டிய தேவை அநேகமாக வராது.

திருப்பும்போது மெல்லிய சட்டுவத்தை முழுசாக அடியில் செலுத்தி, கல்லுக்குப் பக்கத்திலேயே வைத்து மணிக்கட்டால் புரட்டுங்கள். உயரத்திலிருந்து விழுந்தால் நடுவின் ஈர மாவு தெறிக்கும், காற்றும் போகும். திருப்பியபின் சட்டுவத்தால் அமுக்காதீர்கள். சீறும் சத்தம் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அந்தச் சத்தத்தில் வெளியேறுவதுதான் நீங்கள் பத்து நிமிடமாகச் சேர்த்த மென்மை. மறுபடி திருப்புவதும் வேண்டாம். இரண்டாம் பக்கம் முதல் பக்கம் மாதிரி வழவழவென்று வராது, ஓட்டைகளும் மேடுகளும் உள்ள பரப்பு அங்கங்கேதான் கல்லைத் தொடும், திட்டாகத்தான் நிறம் விழும். அது தவறில்லை. வெந்துவிட்டதா என்று அறிய நடுவை விரல் நுனியால் லேசாகத் தட்டுங்கள், குழியாமல் திரும்பி எழும்பினால் எடுத்துவிடலாம்.

நான்கையும் எடுத்ததும் உடனே அடுத்த நான்கை ஊற்றக் கை போகும். அரை நிமிடம், முக்கால் நிமிடம் பொறுங்கள். ஈர மாவு கல்லிலிருந்து நிறையச் சூட்டை இழுத்திருக்கும், அது மீண்டும் ஏற வேண்டும். அந்த இடைவெளியில் எண்ணெய்ப் பேப்பரால் ஒரு துடைப்பு. இப்படிப் போனால் சோதனைப் பான்கேக்கையும் சேர்த்து பன்னிரண்டு, பதின்மூன்று வரும். மாவு ஊற்றத் தொடங்கியதிலிருந்து சுமார் இருபது நிமிடம் ஆகும்.

அந்த இருபது நிமிடம் முதல் தட்டு என்ன ஆகிறது என்பதுதான் உங்கள் கடைசிச் சிக்கல். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கித் தட்டு போட்டு மூடியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். சூடான பான்கேக் ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும். அடுக்கினால் கீழே இருப்பதன் ஆவி மேலே இருப்பதன் அடித்தோலில் போய்ச் சேரும், மூடினால் மூடியில் நீராகி மறுபடி சொட்டும். தோல் சொதசொதக்கும். அதே அடுக்கு ஆறும்போது மாவுச்சத்து இறுகிக் கடினமாகும். ஈரமான தோலும் இறுகிய உள்ளும் சேர்ந்ததைத்தான் நாக்கு ரப்பர் என்கிறது.

ஓவனில் ஒரு ட்ரே மேல் கம்பி வலைத்தட்டை வைத்து, அதில் பான்கேக்குகளை ஒன்றோடொன்று ஏறாமல் ஒரே வரிசையாகப் பரப்புங்கள். வலைத்தட்டு இருந்தால் அடியிலும் காற்று போகும், இல்லாமல் நேராக ட்ரேயில் வைத்தால் அடி வியர்க்கும். 95 டிகிரி, மூடி கிடையாது. அதைவிடக் கூடிய சூட்டில் வைத்தால் ஓரம் காய்ந்து விறைக்கும், பான்கேக் மறுபடி வேகத் தொடங்கும். இப்படி இருபது நிமிடம் அநேகமாக வித்தியாசமே தெரியாது, அரை மணி நேரம் வரை தாங்கும். அதற்கு மேல் ஓவனே மெல்ல உலர்த்திவிடும். பரிமாறும் தட்டுகளையும் கடைசி ஐந்து நிமிடம் உள்ளே வையுங்கள். குளிர்ந்த பீங்கான் தட்டு ஒரு பான்கேக்கின் சூட்டைக் குடிக்க ஒரு நிமிடம்கூட வேண்டாம்.

ஓவன் இல்லையென்றால் இவ்வளவு நன்றாக வராது, அதைச் சொல்லிவிடுகிறேன். கிடைப்பதில் சிறந்தது, கனமான அகலப் பாத்திரத்தை மிகச் சிறு தீயில் வைத்து, உள்ளே ஒரு கம்பி முக்காலி, அதன் மேல் மடித்த பருத்தித் துணி, துணியின் மேல் பான்கேக், மூடியைச் சரித்து ஆவிக்கு வழி விட்டு மூடுவது. துணி முக்காலிக்கு வெளியே தொங்கித் தீக்கு அருகே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். துணி ஆவியைக் கொஞ்சம் உறிஞ்சும். பத்து நிமிடம் நன்றாக இருக்கும், அதற்கப்புறம் தோல் மிருதுவாகிவிடும். அப்படி மிருதுவானதைப் பரிமாறும் முன் எண்ணெயில்லாத கல்லில் பக்கத்துக்குப் பதினைந்து நொடி போட்டெடுத்தால் தோல் திரும்பி வரும். கல் பெரிதாக இருந்தால், தீ எட்டாத அதன் ஓரத்திலேயே ஒதுக்கி வைக்கத் தோன்றும். நான் செய்ய மாட்டேன், அடிப்பக்கம் மட்டும் விறைத்துப்போகும்.

மீந்ததை மேசையிலேயே மதியம் வரை விட வேண்டாம். பாலும் முட்டையும் சேர்ந்தது, 60 டிகிரிக்குக் கீழே இறங்கிய பிறகு இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குப் போய்விட வேண்டும். முதலில் வலைத்தட்டிலேயே முழுக்க ஆற விட்டு, பிறகு நடுநடுவே தாள் வைத்து அடுக்கி மூடுங்கள், இரண்டு நாள் வைக்கலாம். மறுபடி சூடாக்க மைக்ரோவேவைவிட அதே கல் நல்லது. சிறு தீயில் பக்கத்துக்கு ஒரு நிமிடம் போதும். அப்போது குமிழி எதுவும் வராது, நடுவைத் தொட்டுத்தான் பார்க்க வேண்டும்.